47-வது எண்ணில் விழும் கழித்தல் குறி

1, 1, 2, 3, 5, 8, 13... முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. ஃபிபனாச்சி வரிசை என்பார்கள். இதை அச்சிடுவதும், ஓர் எண் பகா எண்ணா என்று பார்ப்பதும் சி மொழி படிக்கும் மாணவர் தொடக்கத்திலேயே எழுதும் இரண்டு பயிற்சிகள். தனித்தனியாக எழுதும்போது இரண்டும் ஒழுங்காக ஓடும். சேர்த்து எழுதினால்தான் வேடிக்கை.

```
int a = 1, b = 1, c, i;
for (i = 1; i <= 48; i++) {
    printf("%d\n", a);
    c = a + b;
    a = b;
    b = c;
}
```

இந்த வரிசையில் பகா எண்களைத் தேட ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. 4-வது இடத்து 3 ஒன்றை விட்டுவிட்டால், பகா எண் வரும் இடத்தின் எண்ணும் பகா எண்ணாகவே இருக்கும். 5-வது 5, 7-வது 13, 11-வது 89. ஆனால் இடம் பகா எண் என்பதற்காக அங்கே இருப்பதும் பகா எண்ணாகிவிடாது. 19-வது எண் 4181. இதைச் சோதிக்க 4180 வரை வகுத்துப் பார்க்க வேண்டாம். வர்க்கமூலமான 64 வரை போதும். அதைவிடப் பெரிய வகுத்தி இருந்தால், அதனோடு பெருகும் இணை 64-க்குள்தானே இருந்தாக வேண்டும்! 37-ல் மாட்டிக்கொள்கிறது: 37 × 113.

47-வது எண் 2971215073. இது உண்மையிலேயே பகா எண். 54508 வரை எதனாலும் மீதியின்றி வகுபடாது. ஆனால் மேலே உள்ள நிரல் திரையில் காட்டுவது -1323752223. வழக்கமான `int` 32 பிட் கொண்டது. அதில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. மிஞ்சிய தொகை பெரும்பாலான கணினிகளில் கழித்தல் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இப்போது சோதனை என்ன சொல்லும்? அது எழுதிய விதத்தைப் பொறுத்தது. தொடக்கத்தில் `n < 2` என்று பார்த்து ஒதுக்கியிருந்தால், பகா எண்ணையே 'இல்லை' என்று தள்ளிவிடும். 1-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டு `i * i <= n` என்று சுழல விட்டிருந்தால் இன்னும் மோசம்: கழித்தல் எண்ணுக்கு அந்தச் சுழற்சி ஒருமுறைகூட ஓடாது, வகுத்தி எதுவும் அகப்படாது, நிரல் 'பகா எண்' என்று சொல்லிவிடும். தப்பான எண்ணுக்குத் தப்பான காரணத்தால் சரியான விடை! இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

அடுத்த எண்ணைப் பாருங்கள். 48-வது இடத்தில் 512559680 என்று நல்ல பிள்ளையாக ஒரு கூட்டல் எண் வந்து நிற்கும். கழித்தல் குறி வந்தால் மட்டும் கண்டுபிடிக்கலாம் என்று இருந்தால் இதை விட்டுவிடுவோம். வரிசையில் மூன்றாவது உறுப்பிலிருந்து ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எப்போது சிறுத்ததோ, அங்கேயே நிறுத்த வேண்டும்.

`a`, `b`, `c` மூன்றையும் `long long` ஆக்கி, அச்சிடும் இடத்தில் `%lld` என்று மாற்றினால் 92-வது உறுப்பு வரை சரியாக வரும். 93-வதில் மறுபடியும் இதே கதைதான்.