எடை அதிகமுள்ளவர்கள் புரதத்தை எந்த எடைக்குக் கணக்கிட வேண்டும்?

"உங்கள் எடையை 1.6 ஆல் பெருக்குங்கள். அவ்வளவு கிராம் புரதம் தினமும் சாப்பிடுங்கள்." எடை குறைப்பு பற்றிய வீடியோக்களிலும் ஜிம்களிலும் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு இந்தக் கணக்கு 96 கிராம் என்று வரும். சாப்பிட்டுவிடக்கூடிய அளவுதான். ஆனால் நம் வீடுகளில் இந்த அறிவுரையைத் தேடிப் படிப்பவர்கள் பெரும்பாலும் 90, 100 கிலோ எடையோடு போராடுபவர்கள். அவர்களுக்கு இதே கணக்கு பொருந்துமா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 45 வயதுப் பெண் ஒருவர். உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. 1.6 ஆல் பெருக்கினால் அவருக்கு நாளொன்றுக்கு 154 கிராம் புரதம் வேண்டும் என்று வருகிறது. நன்றாகச் சாப்பிடும் நாளிலேயே அவருக்கு 85 கிராம்தான் கிடைக்கிறது என்றால், மீதிக்கு மட்டும் கால் கிலோவுக்கு மேல் சமைத்த கோழி இறைச்சி கூடுதலாகத் தேவைப்படும். சில நாட்கள் முயல்வார், பிறகு புரத பவுடர் வாங்குவார், கடைசியில் "இது நமக்கு ஒத்துவராது" என்று முழுவதையும் விட்டுவிடுவார். தவறு அவருடையதல்ல, கணக்கிட எடுத்துக்கொண்ட எடையில்தான் இருக்கிறது.

தற்போதைய எடை ஏன் பொருந்தாது?

நாம் சாப்பிடும் புரதம் தசை, உள்ளுறுப்புகள், இரத்தம், தோல் ஆகியவற்றைப் பராமரிக்கத்தான் பெரும்பாலும் செலவாகிறது. கொழுப்புத் திசுவுக்கு மிகக் குறைந்த புரதமே போதும். 60 கிலோவிலிருந்து 96 கிலோவாக ஏறியவரின் உடலில் கூடிய 36 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு. அதற்கும் சேர்த்துப் புரதம் கணக்கிட்டால் தேவைக்கு மேல் போய்விடும்.

1.6 என்ற எண்ணும் எடைப் பயிற்சி செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் உடல் பருமன் இல்லாதவர்கள்.

இலக்கு எடையை எடுத்துக்கொண்டால்?

"சரி, நான் போய்ச் சேர வேண்டிய எடைக்குக் கணக்கிடுகிறேன்" என்பது அடுத்த யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் எந்த இலக்கு என்பதைப் பொறுத்தது. இந்தப் பெண், நிக்காஹ் நாளில் தான் இருந்த 50 கிலோவை இலக்காக வைக்கிறார் என்று கொள்வோம். எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமலிருக்க, ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொடக்க அளவு. அதன்படி அவருக்கு 60 கிராம்தான் வருகிறது.

இது குறைவு. காரணம், எடை கூடும்போது கொழுப்பு மட்டும் கூடுவதில்லை. அந்தப் பாரத்தைச் சுமக்கத் தசையும் எலும்பும் இரத்தமும் சேர்ந்தே கூடுகின்றன. கூடும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இவருடைய உடலில் கொழுப்பை நீக்கினாலே 53 கிலோ இருக்கக்கூடும். 50 கிலோ இலக்கு அதையும் விடக் குறைவு. அந்த எடைக்குப் புரதம் கணக்கிட்டால், கொழுப்போடு தசையையும் கரைய விடுகிறோம் என்று பொருள்.

கொழுப்பு நீங்கிய எடை சரியானதா?

கோட்பாட்டளவில் இதுதான் மிகச் சரி. புரதம் வேண்டிய பகுதியை மட்டும் இது கணக்கில் எடுக்கிறது. இவருடைய உடலில் 45 சதவீதம் கொழுப்பு என்றால், மீதி சுமார் 53 கிலோ.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 53 ஐ 1.2 ஆல் பெருக்கி 64 கிராம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 1.2 என்பது முழு எடைக்கான எண். சரியான எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் கொழுப்பு நீங்கிய எடை. அந்த முக்கால் பங்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 1.2 என்பது 1.6 ஆக மாற வேண்டும். 53 × 1.6 = 85 கிராம். எடையை மாற்றினால் பெருக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், கொழுப்புச் சதவீதத்தை எப்படி அறிவது என்பது. வீட்டில் ஏறி நிற்கும் கொழுப்பு காட்டும் எடைக் கருவிகள், உடலுக்குள் சிறு மின்சாரத்தைச் செலுத்தி நீரின் அளவை வைத்து ஊகிக்கின்றன. நோன்பு நாளில் மஃரிபுக்குச் சற்று முன் ஏறி நின்றால், உடலில் நீர் குறைந்திருப்பதால் கொழுப்பு அதிகமாகக் காட்டக்கூடும். ஒரு நாள் 45, மறுநாள் 40 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். புரதக் கணக்கில் அது 7, 8 கிராம் வித்தியாசம்தான்.

கருவி இல்லாமல் கணக்கிடும் வழி

உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. முதலில் உயரத்துக்கு ஏற்ற எடையைக் காண வேண்டும். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 23 ஆல் பெருக்குங்கள். இந்தியர்களுக்கு 23 க்கு மேல் போனால் அதிக எடை என்று கொள்ளப்படுகிறது. 1.58 × 1.58 × 23 = 57 கிலோ.

இவரிடம் அதற்கு மேல் இருப்பது 39 கிலோ. முன்பு சொன்ன கால் பங்குக் கணக்குப்படி, அதில் சுமார் 10 கிலோவை மட்டும் 57 உடன் சேர்த்தால் 67 கிலோ. இதை 1.2 ஆல் பெருக்கினால் 80 கிராம். வாரத்தில் சில நாட்கள் எடைப் பயிற்சி செய்பவர் இதற்கு மேல் போகலாம்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முறையில் 80, கொழுப்பு நீங்கிய எடையில் 85. இலக்கை 50 க்குப் பதிலாக 70 கிலோ என்று நியாயமாக வைத்திருந்தால் 84. மூன்றும் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஒரு கணக்கு மட்டும் வெகுதூரம் விலகி நின்றால், அதில் எடையோ பெருக்கும் எண்ணோ தவறு என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. இவர் 10 கிலோ குறைத்து 86 ஆனாலும் அவருடைய அளவு 80 இலிருந்து 77 ஆகத்தான் இறங்கும். வாராவாரம் கணக்கை மாற்ற வேண்டியதில்லை.

85 கிராம் தட்டில் எப்படி இருக்கும்?

காலையில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் 18 கிராம். மதியம் 100 கிராம் சமைத்த மீனும் ஒரு கப் பருப்பும் 27. மாலையில் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 6. இரவு 100 கிராம் எலும்பில்லாத சமைத்த கோழி 25. சோறு, இட்லி, சப்பாத்தி போன்றவற்றிலிருந்து சுமார் 10. மொத்தம் 86 கிராம். பவுடர் தேவைப்படவில்லை.

யார் இந்தக் கணக்கைப் போடக் கூடாது?

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் புரதத்தைக் குறைக்கவே சொல்வார்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மாறாகக் கூடுதலாகத் தேவைப்படும். நீண்டகாலமாகச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், புரதத்தைக் கூட்டும் முன் இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய இரு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் சிறுநீரகப் பாதிப்புக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கால் வீக்கம் உள்ளவர்களின் எடையில் தேங்கிய நீரும் சேர்ந்திருப்பதால், அவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே வரும்போது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது முன்பைவிடக் கடினமாகிறதா? அப்படியானால் கரைவது கொழுப்பு மட்டுமல்ல. புரதத்தின் அளவையும் எடை குறையும் வேகத்தையும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டிச் சரிபார்க்க வேண்டிய நேரம் அது.