மறைந்திருந்த தாள்

2023 ஆகஸ்ட் 8. வட அயர்லாந்து காவல்துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு சாதாரணக் கேள்வி வந்திருந்தது: எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர்? பதிலாக ஒரு எக்செல் கோப்பு போனது. இத்தகைய பதில்களை எல்லோரும் படிக்கும்படி வெளியிடும் இணையதளத்தில் அதுவும் ஏறியது.

கோப்பில் கண்ணுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டுமே. உள்ளே மறைந்திருந்த இன்னொரு தாளில் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது இணையத்தில் கிடந்தது. தான் போலீஸ் என்பதை அக்கம்பக்கத்தாரிடமே சொல்லாமல் வாழ்பவர்கள் அங்கே உண்டு. ஆயுதக் குழுக்களின் மிரட்டல் இன்னும் ஓயாத மண் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024-ல் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

ஊடுருவல் இல்லை, கடவுச்சொல் திருட்டும் இல்லை. அனுப்பும் முன் கோப்பைச் சரிபார்த்தவர்களின் கண்ணில் அந்தத் தாள் படவில்லை, அவ்வளவுதான். பாதுகாப்புப் பயிற்சி என்று ஆண்டுக்கொரு முறை காட்டும் நீண்ட வீடியோவும் கடைசியில் வரும் கேள்வித்தாளும் இங்கே உதவுவது கடினம். சட்டத்தின் பெயர் தெரிந்தவருக்கும் மவுஸை எங்கே அழுத்துவது என்று தெரியாமல் போகலாம்.

மூன்று நிமிடப் பாடம் கைகொடுப்பது இங்கேதான், அதுவும் ஒரே ஒரு செயலோடு நின்றால். முதல் அரை நிமிடம் மேலே சொன்ன சம்பவம். அடுத்து, ஊழியர் கையில் ஒரு கற்பனையான சம்பளப் பட்டியல். கீழேயுள்ள தாளின் பெயரில் வலது கிளிக் செய்கிறார். `Unhide` என்ற வரி அழுத்தக்கூடியதாக இருந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிறார். பிறகு வெளியே போக வேண்டிய தாளை மட்டும் CSV கோப்பாகச் சேமிக்கிறார். அந்த வடிவத்தில் திறந்திருக்கும் ஒரு தாள்தான் சேமிக்கப்படும். மற்றவை உடன் வராது. அந்தச் சம்பவத்துக்குப் பின், மூல எக்செல் கோப்புகளை அப்படியே இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தும்படி பொது அலுவலகங்களுக்கு ஆணையர் சொன்னதும் இதையொட்டித்தான்.

மறைந்த தாளை அழித்துவிட்டால் போதாதா? போதாது. பிவட் அட்டவணை தன் மூலத் தரவின் நகலையும் பெரும்பாலும் உள்ளே வைத்திருக்கும். மொத்தத் தொகையை இருமுறை சொடுக்கினால் அழித்த வரிகள் புதுத் தாளில் வந்து நிற்கும். இதைப் பாடத்தில் திணிக்காமல், வேறொரு நாளுக்கான தனிப் பாடமாக வைப்பதே நல்லது.

பாடம் பிடிபட்டதா என்பதை மதிப்பெண் சொல்லாது. ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், மறைந்த தாளுள்ள மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, “இதை வெளியே அனுப்பத் தயார் செய்யுங்கள்” என்று கேட்க வேண்டும். திரும்பி வரும் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.