நர்ஸ் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பைப் பிழை பார்ப்பது எப்படி?

மருத்துவமனை வார்டில் ஷிப்ட் மாறும்போது, பணி முடித்துச் செல்லும் நர்ஸ் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்பார். இந்தக் குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. ஒரே வரி இரண்டு விதமாகப் பொருள்பட்டால்தான் ஆபத்து. எழுதியவருக்கு அது கண்ணில் படாது. தான் நினைத்ததையே அவர் படிப்பார். அதனால் பிழை பார்க்க ஏற்றவர் பணிக்கு வரும் நர்ஸ்தான். எழுதியவர் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவரைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம்: “பெட் 12, லட்சுமி. இன்சுலின் 6யூ 8-க்கு. வெள்ளி இரவு 12 முதல் என்.பி.ஓ. காலை பி.பி. மாத்திரை கொடுக்கவில்லை. பி.டி. அனுப்பவும்.”

முதலில் ஆள் யார் என்பது உறுதியாக வேண்டும். படுக்கை எண் ஆளுக்கு உரியதல்ல. மதியம் நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றினால் அந்த எண்ணில் இன்னொருவர் படுத்திருப்பார். லட்சுமி என்ற பெயரில் ஒரே வார்டில் இருவர் இருப்பதும் அதிசயமில்லை. இனிஷியலோடு முழுப்பெயர், உள்நோயாளி எண் ஆகிய இரண்டையும் கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து “6யூ”. யூனிட்டைக் குறிக்கும் அந்த ஆங்கில எழுத்தின் மேல்வாய் அவசரக் கையெழுத்தில் மூடிக்கொண்டால் சுழியமாகிவிடும். 6 யூனிட் 60 ஆகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004-ல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுவதே வழி. அதே பட்டியல் புள்ளிக்குப் பின் வெறும் சுழியம் போடுவதையும் தடுக்கிறது. புள்ளி மங்கினால் 5.0 மில்லிகிராம் 50 ஆகிவிடும். புள்ளிக்கு முன் சுழியம் இல்லாத .5 என்பதும் 5 ஆகிவிடும்.

“8-க்கு” என்பது இன்னும் மோசம். எட்டு மணிக்குப் போட்டாயிற்றா, எட்டு மணிக்குப் போட வேண்டுமா? காலை எட்டா, இரவு எட்டா? போட்டதை மறுபடி போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். எந்த வகை இன்சுலின் என்பதும் குறிப்பில் இல்லை.

“வெள்ளி இரவு 12” என்பதை ஒருவர் வியாழன் முடிந்து வெள்ளி தொடங்கும் நேரமாகவும், இன்னொருவர் வெள்ளி முடிந்து சனி தொடங்கும் நேரமாகவும் கொள்வார். என்.பி.ஓ. என்றால் வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று பொருள். முதல் விதமாகக் கொண்டால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளி ஒரு நாள் முழுக்கத் தேவையின்றிப் பட்டினி கிடப்பார். இதைத் தவிர்க்கத்தான் தேதியோடு 24 மணிக் கணக்கில், நள்ளிரவை விட்டு 23:59 என்று எழுதச் சொல்கிறார்கள்.

“கொடுக்கவில்லை” என்ற சொல் பார்வைக்குத் தெளிவாக இருப்பதாலேயே எளிதில் தப்பிவிடும். மருத்துவர் நிறுத்தச் சொன்னாரா, ரத்த அழுத்தம் குறைவாக இருந்ததா, மருந்து இருப்பில் இல்லையா, விட்டுப்போயிற்றா? காரணத்தைப் பொறுத்து அடுத்த நர்ஸ் செய்ய வேண்டியது மாறும். “பி.டி.” என்பதோ ரத்தம் உறையும் நேரத்துக்கான பரிசோதனையாகவும் இருக்கலாம், பிசியோதெரபியாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் நோயாளி என்ற சொல்லின் சுருக்கமும் அதே இரண்டு எழுத்துகள்தான். எதை அனுப்புவது?

எழுதியவரிடமே கேட்டு, மருந்து அட்டையோடு ஒப்பிட்ட பின் குறிப்பு இப்படி மாறும்: “ரெகுலர் இன்சுலின் 6 யூனிட், இன்று 19:45-க்குப் போடப்பட்டது. வெள்ளி 23:59 முதல் வாய்வழி எதுவும் தரக்கூடாது. காலை ரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் சொன்னபடி நிறுத்தப்பட்டது. புரோத்ராம்பின் நேரப் பரிசோதனைக்கு ரத்தம் இன்னும் அனுப்பவில்லை, அனுப்ப வேண்டும்.” நீளம் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் செய்து முடித்ததும் செய்ய வேண்டியதும் இனிக் குழம்பாது. கணினியில் தட்டச்சு செய்தாலும் இந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை தேவைப்படும். கையெழுத்துச் சிக்கல் மட்டுமே அங்கே தீரும்.

சந்தேகமான வரியை ஊகித்துத் திருத்தவே கூடாது. எழுதியவர் கிளம்பிவிட்டால் போனில் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்து அட்டையைப் பார்த்துப் பணி மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். காகிதக் குறிப்பில் பழைய சொல்லை அழிக்கவோ ஒயிட்னர் பூசவோ கூடாது. அது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை அருகில் எழுதி, திருத்தியவர் தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.