பறக்கும் ஷூவும் ஒரு மக் தண்ணீரும்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாங்க, உள்ளே தரையெல்லாம் தண்ணீர்! தெற்குக் கொல்கத்தாவில், டாலிகஞ்ச் பக்கத்துச் சந்து ஒன்றில், தகரக் கூரை போட்ட ஷெட் இது. வெளியிலிருந்து பார்த்தால் குடோன் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே ஒரு ஸ்னீக்கர் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷூ அந்தரத்தில் பாய வேண்டும், சுற்றிலும் தண்ணீர் சிதறி அப்படியே நிற்க வேண்டும், ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் நீலமும் அடிக்க வேண்டும். என்னை உள்ளே நுழைத்துவிட்டவர் லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த நம்ம ஊர்க்காரர், லைட் உதவியாளர். "அண்ணா, கம்பெனி பேரை மட்டும் எழுதிடாதீங்க, விளம்பரம் இன்னும் வெளிய வரல" என்றார். சரி என்று தலையாட்டினேன். இந்த விருந்துக்கு அது ஒரு விலையா?

கண் இருட்டுக்குப் பழகியதும் முதலில் தெரிவது குப்பைதான். தார்ப்பாய், குழந்தைகள் குளிக்கும் காற்றடித்த தொட்டி, பழைய துண்டுகள் ஒரு குவியல், கறுப்புத் துணி சுற்றிய தெர்மாகோல் பலகைகள். எல்லா ஒயர்களும் செங்கல்மேல் ஏறி நிற்கின்றன. பிளக் போர்டு தனியாக ஒரு நாற்காலியில், பிளாஸ்டிக் கவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, மார்பு உயரத்தில், நம்ம கதாநாயகன்: வெள்ளை ஸ்னீக்கர்.

அது பறக்கவில்லை, கம்பியில் குத்தி நிற்கிறது! கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில், குதிகாலுக்குமேல் துளை போட்டு இரும்புக் கம்பியைச் செருகி, மறுமுனையை ஸ்டாண்டில் முறுக்கியிருக்கிறார்கள். காற்றில் அலைவதுபோல் விரிந்து நிற்கும் லேஸுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஓடுகிறது. வடிவம் குலையாமல் இருக்க ஷூவின் வயிறு நிறையத் தாள் அடைத்திருக்கிறது. கையுறை போட்ட ஒரு பையன் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஷூவின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். காரணம், கேமரா முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. ஷூவின் முனை தூக்கியிருப்பதால் அடிப்பாகம்தான் நம் முகத்துக்கு நேரே வரும். தரையும் நிழலும் படத்தில் விழாது. தரை தெரியாத பொருளைக் கண் தானாகவே பறப்பதாக எடுத்துக்கொள்கிறது. அந்தரத்தின் ரகசியம் இவ்வளவுதான், கேமராவை இறக்கி வைப்பது!

படம் எடுப்பவர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் 'தீதி'. பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, சாக்கை விரித்து அதன்மேல் குப்புறப் படுத்திருக்கிறார். நனையாத ஷூவைக் காலையிலேயே எடுத்து முடித்துவிட்டாராம். கேன்வாஸ் தண்ணீர் குடித்தால் நிறம் கறுத்துப்போகும், பிறகு அன்றைக்கு வெள்ளை திரும்பாது. அதனால் முதலில் உலர்ந்த ஜோடிக்குப் படம், பிறகு அதே இடத்தில் அதே கோணத்தில் வேறொரு ஜோடியை வைத்துத் தண்ணீர் அபிஷேகம். நாம் வந்திருப்பது அபிஷேக நேரத்துக்கு!

"லைட் பந்த்!" கதவைச் சாத்துகிறார்கள், விளக்குகள் அணைகின்றன. அப்புறம் மின்விசிறி! அதையும் நிறுத்திவிட்டார்கள். காற்று பட்டால் லேஸ் ஆடும், துளிகள் திசை மாறும். கொல்கத்தாவின் புழுக்கத்தில், மூடிய தகர ஷெட்டில், விசிறி இல்லாமல் பத்துப் பேர். வியர்வை முதுகில் வழிகிறது, ஆனால் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. லென்ஸில் ஈரம் படிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் துடைக்கவே ஒரு ஆள் நிற்கிறார்.

இருட்டு எதற்கு என்று நம்ம ஊர்க்காரரிடம் காதில் கேட்டேன். தண்ணீரை நிறுத்துவது கேமரா இல்லையாம், ஃப்ளாஷாம். இந்தக் கேமராவில் ஃப்ளாஷோடு சேர்ந்து ஷட்டர் திறந்து மூடும் நேரம் நொடியில் 200-ல் ஒரு பங்கு. வீசிய தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு துளியும் ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் வெறும் புகைதான் மிஞ்சும். ஆனால் கேமராவில் மாட்டும் சின்ன ஃப்ளாஷை 16-ல் ஒரு பங்கு சக்தியில் வைத்தால், அது நொடியில் சுமார் 10,000-ல் ஒரு பங்கு நேரம்தான் எரியும். அதற்குள் துளி நகர்வது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சுற்றிலும் கும்மிருட்டு என்பதால், ஷட்டர் திறந்திருந்தாலும் ஃப்ளாஷ் எரிந்த அந்தக் கணம் மட்டுமே படத்தில் பதிகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-ல் பால் துளி தெறித்துக் கிரீடமாக எழும்பியதைப் படம்பிடித்தாரே, அதன் அடிப்படையும் இதே கணநேர வெளிச்சம்தான்.

"ஏக்... துய்... தின்!" தண்ணீர் வீசுபவர் ஒல்லியான ஓர் இளைஞர். வீசுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மக்கை வேகமாகக் கொண்டுபோய் மணிக்கட்டைச் சட்டென்று நிறுத்த வேண்டும். அப்போதுதான் தண்ணீர், உதறிய முந்தானைபோல் விரிந்து வரும். கை நிற்காமல் போய்விட்டால் கட்டியாக விழுந்து சிதறிவிடும். தீதி தண்ணீரைப் பார்த்து அமுக்குவதில்லை, 'தின்' என்ற சொல்லுக்கு அமுக்குகிறார். கண் பார்த்து விரல் அமுங்க ஐந்தில் ஒரு நொடி ஆகும், அதற்குள் தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதனால் மூன்று பேர் ஒரே தாளத்தில் இயங்குகிறார்கள்: எண்ணுபவர், வீசுபவர், அமுக்குபவர். தாளம் தவறினால் வெறும் ஷூ விழும், அல்லது தரையில் குட்டை விழும். ஒருமுறை தண்ணீர் ஷூவைத் தாண்டி நேராகத் தீதியின் தலையில் விழுந்தது. ஒரு கணம் அமைதி. "நான் விளம்பரத்தில் இல்லை, ஷூதான் இருக்கிறது" என்று வங்க மொழியில் அவர் சொன்னதும் ஷெட்டே சிரித்தது!

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் 'காய்ந்த கை'. ஃப்ளாஷ், ஒயர், பிளக் எதையும் அவர் ஒருவர்தான் தொடலாம். அதனால் நாள் முழுக்க அவர் ஈரத்தைத் தொடக் கூடாது. நெற்றி வியர்வையைக்கூட வேறொருவர் துடைத்துவிடுகிறார். மண் குவளையில் டீ வந்தபோது, தளும்பி விரலில் படக் கூடாது என்று நண்பர் அதை அவர் வாயருகே பிடித்துக்கொண்டார். அவரும் மகாராஜா மாதிரி குடித்தார்.

இனிதான் அன்றைய பெரிய சிக்கல். தீதி திரையில் படத்தைப் பெரிதாக்கினார். இளஞ்சிவப்புப் பக்கத்தில் துளிகள் உருண்டையாக, ஓரம் வெட்டியதுபோல் நிற்கின்றன. நீலப் பக்கத்தில் ஒவ்வொரு துளிக்கும் வால்! ஒரே தண்ணீர், ஒரே வீச்சு, ஒரே கணம். ஏன் ஒரு பக்கம் மட்டும் கலங்கியது?

குற்றவாளி ஜெல். ஃப்ளாஷின் முகத்தில் ஒட்டும் அந்த வண்ணத் தாள் புதிதாக நிறத்தைச் சேர்ப்பதில்லை, மற்ற நிறங்களைத் தடுத்துவிடுகிறது. அடர் நீலத் தாளில் நூற்றில் மூன்று பங்கு ஒளி கடந்தாலே பெரிது, இளஞ்சிவப்பு அதைப்போல் பல மடங்கு விடும். நீலம் மங்கலாக இருக்கிறதே என்று யாரோ அந்த ஃப்ளாஷை மட்டும் முழுச் சக்திக்கு ஏற்றிவிட்டார்கள். இந்த வகை ஃப்ளாஷில் சக்தியைக் கூட்டினால் அது அதிக நேரம் எரியும். முழுச் சக்தியில் நொடியில் சுமார் 900-ல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் துளி 3 மில்லிமீட்டருக்கு மேல் நகரும். அந்த நகர்வுதான் வால்.

தீர்வை அவர்கள் போட்ட விதம் இருக்கிறதே! முதலில் நீல ஃப்ளாஷை மீண்டும் 16-ல் ஒரு பங்குக்கு இறக்கினார்கள். அப்படியானால் வெளிச்சம் பதினாறு மடங்கு குறையும், அதை வேறு வழியில் ஈட்ட வேண்டும். ஒன்றுக்குப் பதில் மூன்று ஃப்ளாஷ்களைச் சேர்த்துக் கட்டினார்கள், மூன்று மடங்கு. தூரத்தைப் பாதியாக்கினார்கள், அது நான்கு மடங்கு. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. மிச்சத்துக்கு அடர் நீலத்தைக் கழற்றிவிட்டுச் சற்று வெளிறிய நீலத் தாள். அருகில் வந்துவிட்ட ஃப்ளாஷ்களுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டினார் காய்ந்த கை. நீலம் வெளிறியதால் இளஞ்சிவப்பு அதன்மேல் வழிந்து அழித்துவிடும் அபாயம் வந்தது. நடுவே கறுப்புப் பலகைகளை நிறுத்தினார்கள். இரண்டு வண்ணமும் ஷூவுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் வருமாறு திருப்பினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி, முன்னால் அடித்தால் வெளிச்சம் துளைத்துப் போய்விடும். பின்னால் அடித்தால்தான் ஓரம் எரியும்.

இந்த நகரத்துக்கு வெளிச்சத்தோடு பழைய உறவு. 1956-ல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்குமேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் மோதவிட்டுத் திறந்த வானத்தின் மென்மையான ஒளியைக் கொண்டுவந்தார். அந்தப் படத்தை இயக்கிய சத்யஜித் ராய், 1943-ல் இங்கே டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர். ஷூவும் இங்கே புதிதில்லை. பாட்டா 1930-களின் தொடக்கத்தில் ஹூக்ளிக் கரையின் கொன்னகரில் தொடங்கி, பிறகு பாட்டாநகர் என்று ஒரு ஊரையே எழுப்பியது. கிழிந்த துண்டை இடுப்பில் கட்டிய லைட் அண்ணன் ஒருவர், மித்ராவின் துணிக் கதையைத் தன் வீட்டுப் பெரியவர் கதைபோல எனக்குச் சொன்னார்.

"ஏக்... துய்... தின்!" விளக்கு போட்டதும் எல்லோரும் திரைக்கு ஓடினோம், ஈரக் காலோடு. நீலப் பக்கத் துளிகள் உருண்டை! வீசியவர் மக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். மிச்சமிருந்த தண்ணீர் அவர்மேலேயே கொட்டியது.

ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் படம் அந்த ஒரு கணம் மட்டும் இல்லை. முனையில் எழும்பும் கிரீடம் ஒரு வீச்சிலிருந்து வரும், குதிகாலில் சுழலும் வளைவு இன்னொன்றிலிருந்து, ஷூ காலையில் எடுத்த உலர்ந்த படத்திலிருந்து. கேமரா இம்மியும் அசையாததால் கணினியில் அவை ஒன்றாகப் பொருந்திவிடும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அதில் உள்ள ஒவ்வொரு துளியும் அந்த ஷெட்டில் ஒரு கை வீசியது.

அடுத்தமுறை இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் ஷூவை அப்புறம் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி நீலம் விழுந்த துளிகளை முதலில் பாருங்கள். அவையும் மற்றத் துளிகள் அளவுக்குக் கூர்மையாக நின்றால், அந்த ஷெட்டில் வேலை தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.