வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகள்: காரணமும் தீர்வும்

டியூப்லைட் அல்லது எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் செல்போனில் வீடியோ எடுக்கும்போது, கறுப்புப் பட்டைகள் படத்தின் குறுக்கே ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கேமராவில் பழுது எதுவும் இல்லை. விளக்கின் துடிப்பும் கேமராவின் ஷட்டர் வேகமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை பிரகாசமாகி மங்குகிறது. ஆக, விநாடிக்கு 100 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 1/100 விநாடி. பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் இப்படித்தான் துடிக்கின்றன. நம் கண்ணுக்கு இது தெரிவதில்லை.

செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. ஷட்டர் மிகக் குறைந்த நேரமே திறந்தால், சில வரிகளுக்கு விளக்கின் பிரகாசமான கணமும் சில வரிகளுக்கு மங்கிய கணமும் கிடைக்கும். மங்கிய வரிகள்தான் கறுப்புப் பட்டை.

ஷட்டர் முழுத் துடிப்புகளின் கணக்கில் திறந்திருந்தால் எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். அதனால் 50 சுற்று மின்சாரம் உள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் 1/50 அல்லது 1/100 வைக்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே 1/60 சரி. அங்கிருந்து வரும் பாடங்களைப் பார்த்து நாமும் 1/60 வைத்தால் மெல்லிய பட்டைகள் மிஞ்சும்.

எடுக்கும்போதே சரிசெய்ய

ஜன்னலோரச் சமையலறையில் ஒருவர் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பகலில் சமையல் வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் அதிகமாக இருப்பதால் செல்போன் தானாகவே ஷட்டரை 1/400 ஆக்கிவிடுகிறது. அதாவது ஒரு துடிப்பில் கால் பங்கு நேரம்தான் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கிறது. பட்டை வந்துவிடுகிறது.

அவர் செல்போனில் உள்ள `Pro Video` போன்ற முறைக்கு, அல்லது ஷட்டரை நாமே அமைக்க விடும் ஒரு கேமரா செயலிக்கு மாறி, 1/50 வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். ஷட்டர் எட்டு மடங்கு நேரம் திறந்திருப்பதால் படம் வெளுத்துப்போகலாம். அப்போது வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் ND8 ஃபில்டரை லென்சின் முன் மாட்டினால் கணக்கு நேராகிவிடும். ஃபில்டர் இல்லையென்றால், பகல் வெளிச்சமே போதும் என்று டியூப்லைட்டை அணைத்துவிடலாம். சூரிய ஒளி துடிப்பதில்லை.

இரண்டு இடங்களில் இந்த வழி முழுதாகப் பலிக்காது. டிம்மரால் மங்கவைத்த எல்.இ.டி. விளக்குகள் பல, மின்சாரச் சுற்றோடு தொடர்பில்லாத வேறொரு வேகத்தில் அணைந்து எரிகின்றன. மெல்லிய, நெருக்கமான பட்டைகள் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். டிம்மரை முழு அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று, ஸ்லோமோஷன். விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/240க்கு மேல் திறந்திருக்கவே முடியாது. அங்கே விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டால்?

விநாடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்த வீடியோவுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு ஃப்ரேமுக்குள் மூன்றேகால் துடிப்புக்குச் சற்று அதிகமாக, சரியாகச் சொன்னால் 3⅓ துடிப்பு நடக்கிறது. எனவே பட்டை ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரு பட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்து, நான்காவது ஃப்ரேமில் பழைய இடத்துக்கு வருகிறது. அடுத்தடுத்த மூன்று ஃப்ரேம்களைச் சராசரியாக்கினால் பட்டைகள் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ffmpeg என்ற இலவச மென்பொருளில் இதற்கான கட்டளை:

```
ffmpeg -i in.mp4 -vf "tmix=frames=3" -c:a copy out.mp4
```

பேசுபவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வீடியோவில் இது நன்றாக வேலை செய்யும். வேகமாக அசையும் கைக்குப் பின்னால் மட்டும் நிழல்போல ஒரு சாயல் விழும். 25 ஃப்ரேமில் எடுத்ததற்கு இது உதவாது. ஒரு ஃப்ரேமுக்குள் சரியாக நான்கு துடிப்பு அடங்கிவிடுவதால், அங்கே பட்டை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். சராசரி எடுத்தாலும் அப்படியே இருக்கும்.

ஆகவே, படப்பிடிப்புக்கு முன் அதே விளக்கில் பத்து விநாடி எடுத்து, வெள்ளைச் சுவர் தெரியும் பகுதியை நன்றாகப் பாருங்கள். பட்டை இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அப்போதே 1/50க்கு மாற்றிவிடுங்கள்.