காளையோடு பிறந்த கிடேரி சினை பிடிக்குமா?

பாபநாசம் பக்கத்துச் சகோதரி ஒருவருக்கு, நமது அறக்கட்டளையின் வாழ்வாதார உதவியில், ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு வயதுக் கலப்பினக் கிடேரி வாங்கிக் கொடுத்தோம். நல்ல வளர்த்தி, பளபளப்பான உடம்பு. இரண்டரை வயது ஆகியும் அது ஒருமுறைகூடக் கத்தவில்லை, பருவத்துக்கு வந்த அடையாளம் எதையும் காட்டவில்லை. குடற்புழு மருந்து கொடுத்தார்கள், தாது உப்புக் கலவை வைத்தார்கள், பலன் இல்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தபோது, கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் கயிறுபோல ஒரு மெல்லிய இழைதான் தட்டுப்பட்டது. “இது இரட்டையில் பிறந்ததா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

விசாரித்தோம். ஆம், கூடப் பிறந்தது காளைக்கன்று. அதை முன்பே விற்றுவிட்டார்கள். விற்றவருக்கும் இதில் ஒரு குறை இருப்பது தெரியாது. வாங்கும்போது கேட்கத் தெரியாமல் போனது நம் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இப்படிப்பட்ட கிடேரியை மருத்துவர்கள் ‘ஃப்ரீமார்ட்டின்’ என்பார்கள். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்றுகள் தங்கினால், சினையான சுமார் நாற்பது நாளுக்குள் இரண்டின் நஞ்சுப்பைகளும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுவதால், ஒரு கன்றின் இரத்தம் மற்றதன் உடம்பிலும் ஓடுகிறது. காளைக்கன்றின் விதைப்பை அந்தச் சமயத்தில் ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். தன் உடம்பில் கருப்பை உருவாகாமல் தடுப்பதே அதன் வேலை. இரத்தத்தோடு அது கிடேரிக்கும் போய்ச் சேருவதால், அங்கே உருவாக வேண்டிய கருப்பையும் கருக்குழாயும் வளராமல் நின்றுபோகின்றன. சினைப்பையும் சரியாக வளர்வதில்லை. வெளிப்புற உறுப்பு வேறு திசுவிலிருந்து உருவாவதால், பார்வைக்குக் கிடேரி போலவே இருக்கும். ஏமாற்றமே அங்கேதான்.

1916-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லில்லி, இறைச்சிக்கூடத்திலிருந்து கிடைத்த சினைமாட்டுக் கருப்பைகளை ஆராய்ந்து இந்த இரத்தக்குழாய் இணைப்பை விளக்கினார். கருவில் உருவாகும் குறை என்பதால், பின்னால் எந்த ஊசியாலும் தீவனத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதற்காக, காளையோடு பிறந்த கிடேரி அத்தனையும் மலடு என்று முடிவுகட்ட வேண்டாம். பத்தில் ஒன்பதுக்கும் மேல் மலடாகும் என்றாலும், குழாய்கள் இணையாமல் தப்பிய சில கிடேரிகள் சாதாரணமாகச் சினை பிடிக்கும். இரண்டும் கிடேரியாகப் பிறந்தால் இந்தக் கவலையே இல்லை. கூடப் பிறந்த காளைக்கும் பெரும்பாலும் பாதிப்பில்லை.

வீட்டில் பெண்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். மனிதர்களில் ஆணோடு இரட்டையாகப் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தக் குறை வருவதில்லை. தாயின் வயிற்றில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இரத்தம் மாட்டில்போல ஒன்றாக ஓடுவது மிக மிக அரிது. ஆடு அடிக்கடி இரட்டை போடும், ஆனாலும் அதில் இது அபூர்வம். ஆகவே இரட்டையில் பிறந்த பெட்டைக்குட்டியை யாரும் ஒதுக்க வேண்டாம்.

கன்று பிறந்த ஒரு மாதத்துக்குள்ளேயே சோதிக்கலாம். மருத்துவர் சுத்தமான, நுனி மழுங்கிய மெல்லிய குழாயில் வழுக்கும் களிம்பு தடவிப் பிறப்புறுப்பினுள் மெதுவாகச் செலுத்துவார். நல்ல கிடேரியில் அது 13 முதல் 15 செ.மீ. வரை போகும். குறையுள்ளதில் 5 முதல் 8 செ.மீ.-க்குள் நின்றுவிடும். வீட்டில் நாமே குச்சி விட்டுப் பார்க்கக் கூடாது, உள்ளே கிழிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரத்தப் பரிசோதனை உண்டு. கிடேரியின் இரத்தத்தில் காளையின் அணுக்கள் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். தஞ்சை மாவட்டத்தார் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரட்டையில் காளைக்கரு வயிற்றிலேயே அழிந்துபோய், கிடேரி மட்டும் தனியாகப் பிறப்பதும் நடக்கும். அப்போது ‘ஒற்றைக் கன்று’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், கிடேரி மலடாக இருக்கலாம்.

இனி நாம் உதவியாகக் கொடுக்கும் கிடேரிக்கு, விற்பவரிடம் பிறப்பு விவரம் கேட்டு எழுதி வாங்குவதோடு, பணம் கொடுக்கும் முன் மருத்துவரைக் கொண்டு சோதிக்கவும் முடிவு செய்துள்ளோம். அந்தச் சகோதரிக்கு இப்போது நான்கு மாதச் சினையில் இருக்கும் பசு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.