சாப்பிட்டீங்களா, அப்பா?

தோஹாவில் வேலைக்குக் கிளம்பும்போது காலை ஏழரை. ஊரில் அப்போது பத்து மணி. கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அப்பாவுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் அனுப்புவேன்: "மாத்திரை போட்டாச்சா?" "ஆச்சும்மா" என்று பதில் வரும். நான் கேட்டது பாதிக் கேள்விதான் என்பது போன புரட்டாசியில் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை, விரதம். பூஜை முடிந்து சாப்பிட மதியம் ஒன்றரை ஆகும். மாத்திரையை மட்டும் மறக்காமல் எட்டு மணிக்கே போட்டுக்கொண்டார். பதினொன்றரைக்குப் பூ கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்தபோது, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார். மெஷினில் சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை.

அப்பா சாப்பிடுவது கிளிமிபிரைடு. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரை எது என்று பெயரோடு தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

அக்கா பதறவில்லை. அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 82. உடனே சோறு போட்டார். (லட்டு கொடுத்திருந்தால் அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தியிருக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.) இந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். டாக்டரிடம் போனில் கேட்டு, அன்று இரவு வரை அவ்வப்போது குத்திப் பார்த்தோம்.

அன்றிரவு அப்பாவுக்கு இப்படி எழுதினேன்:

"அப்பா, இனிமே முதல்ல கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. விரல்ல பழச்சாறு ஒட்டியிருந்தாக்கூட மெஷின் கூடுதலா காட்டும். விரல் நுனியோட பக்கவாட்டுல குத்துங்க, வலி கம்மி. அளவை எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க. தட்டுல டிபன் வந்தப்புறம் மாத்திரையைக் கையில எடுங்க. சாப்பிடலைன்னா கிளிமிபிரைடு வேண்டாம். ஒருவேளை விட்டுப்போச்சுன்னா அடுத்த வேளை ரெண்டா போட்டுக்காதீங்க. விரதம் இருக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கலாம். தலையணை பக்கத்துல குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். படபடன்னு வந்தா முதல்ல அதைக் கரைச்சுக் குடிங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க."

அடுத்த சனிக்கிழமை, நான் கேட்கும் முன்பே படம் வந்தது. மெஷினில் 118. பக்கத்தில் தட்டில் மூன்று இட்லி, அதன் ஓரத்தில் மாத்திரை.

"சாமிகிட்ட சொல்லிட்டேம்மா" என்று எழுதியிருந்தார்.